பத்திரம் பெட்டகத்தில், சாவி கையில்: கிளவுட் கணக்கின் முதல் ஒரு மணி நேரம்

வீட்டுப் பத்திரத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எவரும் கடைத்தெருவுக்குப் போவதில்லை. அது பெட்டகத்தில் இருக்கும். கையில் இருப்பது வாசற்சாவி மட்டுமே. சாவி தொலைந்தால் பூட்டை மாற்றிவிடலாம். பத்திரம் பிறர் கைக்குப் போனால், வீடு யாருடையது என்பதே வழக்காகிவிடும். இதை நன்கறிந்த வணிகர்கள்கூடத் தம் கடையின் இணையத்தளத்துக்காகக் கிளவுட் கணக்கு தொடங்கும்போது, பத்திரத்தையே சாவியாகப் பயன்படுத்தத் தொடங்கிவிடுகின்றனர். கணக்குத் தொடங்கிய அன்றே ஒரு மணி நேரம் ஒதுக்கினால் இதைச் சரிசெய்துவிடலாம். அந்த ஒரு மணி நேரத்தில் செய்ய வேண்டியதைச் சொல்வதே இக்கட்டுரை.

கிளவுட் என்பது பிறர் நடத்தும் கணினி நிலையத்தில் இயந்திரங்களையும் சேமிப்பிடத்தையும் வாடகைக்கு எடுப்பது. மின்கட்டணத்தைப் போல, பயன்படுத்திய அளவுக்கு மாத முடிவில் பட்டியல் வரும். இச்சேவையை அளிக்கும் பெரிய நிறுவனங்களுள் ஒன்றான அமேசான் வெப் சர்வீசஸ், 2016 முதல் மும்பையிலும் 2022 முதல் ஐதராபாத்திலும் கணினி நிலையங்களை நடத்திவருகிறது. அந்நிறுவனத்தின் கணக்கையே இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்வோம். பிற நிறுவனங்களில் பெயர்கள் மாறும். முறை பெரிதும் மாறாது.

ஒரு நிறுவனம் பன்னிரண்டு மணி நேரத்தில் மூடப்பட்ட கதை

கோட் ஸ்பேசஸ் என்றொரு நிறுவனம் இருந்தது. மென்பொருள் எழுதுவோரின் நிரல்களைப் பத்திரமாகச் சேமித்துத் தருவதே அதன் தொழில். 2014 ஜூன் 17 அன்று, அதன் அமேசான் கிளவுட் கட்டுப்பாட்டுப் பலகைக்குள் அந்நியர் ஒருவர் நுழைந்திருப்பது தெரியவந்தது. அவர் பெருந்தொகை கேட்டார். நிறுவனத்தார் பணிந்துவிடாமல் உடனே கடவுச்சொற்களை மாற்றினர். ஆனால் உள்ளே வந்தவர் அதற்கு முன்பே தமக்கென மாற்று நுழைவுகளை உருவாக்கி வைத்திருந்தார். தம்மை வெளியேற்றும் முயற்சி நடப்பதைக் கண்டதும் கண்ணில் பட்டதையெல்லாம் அழிக்கத் தொடங்கினார். பன்னிரண்டு மணி நேரத்தில் தரவுகளும், அவற்றின் காப்பு நகல்களும், இயந்திர அமைப்புகளும் பெரும்பாலும் அழிந்தன. இனித் தொழில் நடத்த இயலாது என்று அந்நிறுவனம் அறிவித்தது.

இக்கதையில் இரண்டு செய்திகள் உள்ளன. முதலாவது, கட்டுப்பாட்டுப் பலகைக்குள் முழு அதிகாரத்தோடு ஒருவர் நுழைந்துவிட்டால் அங்குள்ள அனைத்தும் அவர் கையில். காப்பு நகலும் விலக்கல்ல. இரண்டாவது, அவரை வெளியேற்ற வேண்டுமானால், அவருக்கு எட்டாத உயரத்தில் உரிமையாளரிடம் ஓர் அதிகாரம் இருந்தாக வேண்டும். இந்த இரண்டாவது செய்திக்காகவே ரூட் பயனரை அன்றாடப் பயனரிலிருந்து பிரிக்கிறோம்.

ரூட் பயனர் என்பவர் யார்?

கணக்குத் தொடங்கும்போது நீங்கள் தரும் மின்னஞ்சல் முகவரியே ரூட் பயனர். அந்த முகவரியும் அதற்கான கடவுச்சொல்லும் உள்ளவர் கணக்கின் முழு உரிமையாளராகக் கருதப்படுவார். கணக்கையே மூடவும், உரிமையாளரின் மின்னஞ்சலை மாற்றவும், மற்ற பயனர்கள் அனைவரையும் நீக்கவும் அவரால் முடியும். பின்னர் நீங்கள் உருவாக்கும் எந்த நிர்வாகப் பயனரும், எவ்வளவு அதிகாரம் பெற்றிருந்தாலும், ரூட் பயனரின் கடவுச்சொல்லை மாற்ற முடியாது.

இதிலிருந்தே முதல் எச்சரிக்கை பிறக்கிறது. மும்பையில் வீட்டுப் பலகாரங்கள் செய்து விற்கும் தம்பதி ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். இணையத்தில் ஆர்டர் பெற ஒரு தளம் வேண்டும். தளம் அமைத்துத் தரும் இளைஞர், "உங்களுக்கு ஏன் சிரமம்? என் மின்னஞ்சலிலேயே கணக்குத் தொடங்கிவிடுகிறேன், கார்டு எண்ணும் ஓ.டி.பி.யும் மட்டும் சொல்லுங்கள்" என்கிறார். நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார். ஆனால் ஒப்புக்கொண்டால் பணம் கட்டுபவர்கள் இவர்கள், பத்திரத்தில் பெயர் அவருடையது என்றாகிவிடும். நாளை அவர் வேறு வேலைக்குப் போனாலோ, அவருடைய மின்னஞ்சல் களவு போனாலோ, கணக்கை மீட்பது பெரும்பாடு.

ஆகவே, கணக்குக்கென்றே ஒரு தனி மின்னஞ்சல் முகவரியைத் தம்பதி தொடங்குகின்றனர். அதற்கும் இரட்டைச் சரிபார்ப்பு வைக்கின்றனர்; ரூட் கடவுச்சொல்லை மாற்றும் இணைப்பு அந்த அஞ்சலுக்குத்தானே வரும்! தொலைபேசி எண்ணாகத் தம் நிலையான எண்ணைத் தருகின்றனர். இந்த எண் பின்னால் எவ்வளவு முக்கியம் என்பதைச் சற்று நேரத்தில் பார்ப்போம்.

கார்டு வரம்பு காப்பாற்றுமா?

"என் கார்டில் வரம்பு குறைவு, யார் நுழைந்தாலும் அதற்கு மேல் என்ன போய்விடும்?" என்று சிலர் கேட்பதுண்டு. இந்திய ரிசர்வ் வங்கியின் விதிப்படி, தானாகக் கழியும் தொடர் கட்டணம் பொதுவாக 15,000 ரூபாயைத் தாண்டினால் ஒவ்வொரு முறையும் உங்கள் ஒப்புதல் தேவை. இது உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து பணம் வெளியேறுவதைத் தடுக்கும். ஆனால் கிளவுட் பட்டியல் ஏறுவதை அது தடுக்காது. கிளவுட் சேவை முன்பணம் கட்டி வாங்கும் பொருளன்று. முதலில் பயன்பாடு, பிறகு பட்டியல். கார்டு மறுத்தாலும் தொகை பாக்கியாக உங்கள் பெயரில் நிற்கும்.

களவுபோன கணக்கில் பொதுவாக நடப்பது இதுதான்: விலை மிகுந்த இயந்திரங்கள் பல நாடுகளில் ஒரே நேரத்தில் இயக்கப்பட்டு, கிரிப்டோ நாணயம் ஈட்டப் பயன்படுத்தப்படுகின்றன. மும்பையை மட்டுமே திறந்து பார்க்கும் உரிமையாளருக்கு, வேறொரு நாட்டில் ஓடும் இயந்திரம் உடனே கண்ணில் படாது. 2025 ஜூலை முதல் புதிய வாடிக்கையாளர்கள் இலவசத் திட்டத்தைத் தேர்ந்துகொள்ளலாம். அதில் கட்டணம் ஏறாது. ஆனால் அது ஆறு மாதப் பழகுகளம் மட்டுமே. கடையை நிலையாக நடத்தக் கட்டணத் திட்டத்துக்கு மாறியே ஆகவேண்டும்.

ரூட் பயனருக்கு இரண்டாம் பூட்டு

கணக்குத் திறந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை இது. ரூட் பயனருக்கு இரண்டாம் சரிபார்ப்பு இப்போது கட்டாயம்தான். ஆயினும் முதல் நுழைவிலிருந்து 35 நாள் வரை தள்ளிப்போட அமேசான் இடம் தருகிறது. அந்த அவகாசத்தை எடுத்துக்கொள்ளாதிருப்பதே நலம்.

ரூட் பயனராக உள்ளே சென்று, திரையின் வலது மேல் மூலையில் உள்ள கணக்குப் பெயரை அழுத்தி, `Security credentials` என்பதைத் தேர்ந்தெடுங்கள். அங்கே `Assign MFA device` என்ற பொத்தான் இருக்கும். கருவிக்கு ஒரு பெயர் கேட்கும். பின்னர் அடையாளம் தெரியும்படி `root-phone` என்பதுபோல் இடுங்கள். அடுத்து, கருவியின் வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். குறுஞ்செய்தியில் வரும் ஓ.டி.பி. இங்கு இல்லை. எளிதில் கிடைப்பவை இரண்டு.

ஒன்று, கைப்பேசியில் நிறுவும் ஆத்தென்டிகேட்டர் செயலி. திரையில் தோன்றும் கியூ.ஆர். குறியைச் செயலியால் படித்தால், 30 விநாடிக்கு ஒருமுறை மாறும் ஆறு இலக்க எண் கிடைக்கும். அடுத்தடுத்து வரும் இரண்டு எண்களைத் தனித்தனிக் கட்டங்களில் இட வேண்டும். பலர் இங்கே தவறுவர்: ஒரே எண்ணை இரு கட்டங்களிலும் இட்டால் ஏற்காது, முதல் எண்ணை இட்டபின் அது மாறும்வரை பொறுத்திருக்க வேண்டும். சரியான எண்களை இட்டும் மறுத்தால், கைப்பேசியின் கடிகாரம் தானாகச் சரிசெய்துகொள்ளும் நிலையில் உள்ளதா என்று பாருங்கள். இந்த எண்கள் நேரத்தைக் கொண்டே கணக்கிடப்படுகின்றன. கடிகாரம் பிசகினால் எண்ணும் பிசகும். இன்னொன்றையும் மறவாதீர்கள். அந்தக் கியூ.ஆர். குறியின் உள்ளேதான் இரகசியம் இருக்கிறது. அதைப் படமெடுத்துக் கைப்பேசியில் வைப்பதும், வாட்ஸ்ஆப்பில் அனுப்புவதும் சாவியின் நகலைத் தெருவில் வைப்பதற்கு ஒப்பாகும்.

மற்றொன்று, பாதுகாப்புச் சாவி. பென் டிரைவ் போன்ற சிறு கருவி. கணினியில் செருகித் தொட்டால் போதும். கைப்பேசியிலோ கணினியிலோ சேமிக்கப்படும் பாஸ்கீயும் இதே வகையைச் சேர்ந்தது. செயலியைவிட இது ஏன் மேலானது என்பதை வங்கி வாடிக்கையாளர்கள் எளிதில் புரிந்துகொள்வர். போலி வங்கித் தளத்தில் ஓ.டி.பி.யைத் தட்டச்சு செய்து ஏமாந்தவர்களை நாம் அறிவோம். செயலி தரும் ஆறு இலக்க எண்ணையும் அவ்வாறே போலித் தளத்தில் இட்டுவிட முடியும். மோசடிக்காரர் அதே நிமிடத்தில் அதை உண்மைத் தளத்தில் இட்டு நுழைந்துவிடுவார். பாதுகாப்புச் சாவியோ, எந்தத் தளத்தில் பதிவானதோ அந்தத் தளத்தின் முகவரிக்கு மட்டுமே பதிலளிக்கும். போலித் தளம் எவ்வளவு அச்சு அசலாக இருந்தாலும் அது அசையாது. மனிதக் கண் ஏமாறும் இடத்தில் கருவி ஏமாறுவதில்லை.

ஒரு பயனருக்கு எட்டுக் கருவிகள் வரை பதியலாம். குறைந்தது இரண்டு பதிவதே விவேகம். நம் பலகாரக் கடைத் தம்பதி, மனைவியின் கைப்பேசிச் செயலியை ஒன்றாகவும், ஒரு பாதுகாப்புச் சாவியை மற்றொன்றாகவும் பதிகின்றனர். பதிந்தவுடன் வெளியேறி, இரண்டாலும் ஒவ்வொரு முறை உள்ளே சென்று பார்க்கின்றனர். பிறகு பாதுகாப்புச் சாவியையும், ரூட் கடவுச்சொல் எழுதிய தாளையும் தனித்தனி உறைகளில் இட்டு, கடவுச்சொல்லை வீட்டு அலமாரியிலும் சாவியை வங்கிப் பெட்டகத்திலும் வைக்கின்றனர். ஓர் உறை மட்டும் கிடைத்தவரால் ஒன்றும் செய்ய இயலாது.

ஒரே ஒரு கைப்பேசியை மட்டும் பதிந்து, அதுவும் தொலைந்துவிட்டால்? நுழைவுத் திரையில் மாற்று வழி உண்டு: பதிவான மின்னஞ்சலுக்கு ஒரு சரிபார்ப்பு வரும், பின்னர் பதிவான தொலைபேசி எண்ணுக்கு அழைப்பு வரும். இரண்டும் உங்கள் கையில் இருந்தால் மீளலாம். அந்த எண்ணை முன்பே கைவிட்டிருந்தால், சேவை மையத்துக்கு எழுதி அடையாளத்தை மெய்ப்பிக்கும் நீண்ட வழிதான். கைப்பேசி எண்ணை மாற்றும்போது வங்கிக்குச் சொல்வதுபோலக் கிளவுட் கணக்கிலும் மாற்ற வேண்டும் என்பது இதனாலேயே.

வெளியேறும் முன் இரண்டு வேலைகள்

ரூட் பயனராக உள்ளே இருக்கும்போதே செய்ய வேண்டியவை இன்னும் இரண்டு. அதே `Security credentials` பக்கத்தில் `Access keys` என்ற பகுதி உண்டு. நிரல்கள் கடவுச்சொல் இன்றிக் கணக்கில் நுழையப் பயன்படும் சாவிகள் அவை. ரூட் பயனருக்கு அங்கே ஒன்றும் இருக்கக்கூடாது. புதிய கணக்கில் இருக்காது. யார் கேட்டாலும் உருவாக்காதீர்கள். இத்தகைய சாவியை நிரலுக்குள் எழுதி, அந்நிரலைப் பொதுத் தளத்தில் ஏற்றிவிடுவதே கணக்குகள் களவுபோகும் பழகிய வழி. அவ்வாறு சிந்தும் சாவிகளைத் தேடுவதையே தொழிலாகக் கொண்ட தானியங்கி நிரல்கள் இணையமெங்கும் உலவுகின்றன.

இரண்டாவது வேலையைப் பெரும்பாலோர் தவறவிடுகின்றனர். முழு அதிகாரம் பெற்ற நிர்வாகப் பயனரை உருவாக்கினாலும், அவரால் கட்டணப் பட்டியலைப் பார்க்க முடியாது; அனுமதி இல்லை என்றே திரை சொல்லும். உடனே உரிமையாளர் சலித்துக்கொண்டு ரூட் பயனராக நுழைவார். மாதம் ஒருமுறை என்பது நாள்தோறும் என்றாகிவிடும். இதைத் தவிர்க்க, `Account` பக்கத்தில் `IAM user and role access to Billing information` என்ற பகுதியைத் திறந்து, `Activate IAM Access` என்பதைத் தேர்ந்து சேமிக்க வேண்டும். இதை ரூட் பயனர் மட்டுமே செய்ய இயலும்.

அன்றாடச் சாவி

இப்போது அன்றாட நிர்வாகப் பயனரை உருவாக்கலாம். மேலே உள்ள தேடற்கட்டத்தில் `IAM` என்று தேடித் திறங்கள். முதலில் `User groups` பகுதியில் `admins` என்றொரு குழு அமைத்து, அதற்கு `AdministratorAccess` என்ற அனுமதியை இணையுங்கள். பிறகு `Users` பகுதியில் `Create user` அழுத்தி, பெயர் இடுங்கள். நம் தம்பதி `kadai-admin` என்று இடுகின்றனர். திரை வழியாக நுழையும் அனுமதியைக் குறித்து, கடவுச்சொல் அமைத்து, பயனரை அந்தக் குழுவில் சேர்த்தால் முடிந்தது. கணக்கின் 12 இலக்க எண்ணைக் கொண்ட நுழைவு முகவரி ஒன்றைத் திரை காட்டும். அதைக் குறித்துக்கொண்டு ரூட்டிலிருந்து வெளியேறுங்கள்.

அந்த முகவரி வழியாக `kadai-admin` ஆக உள்ளே வந்ததும், இவருக்கும் `Security credentials` பக்கத்தில் தனியே இரண்டாம் பூட்டை அமைக்க வேண்டும். ரூட்டுக்கு வைத்தது இவரைக் காக்காது. பூட்டில்லாத முழு அதிகாரப் பயனர் ஒருவரை விட்டுவைத்தால், செய்த வேலையில் பாதி வீண்.

எல்லாம் சரியாக அமைந்ததா என்று அறிய ஒரு வழி உண்டு. `kadai-admin` ஆக உள்ளே இருக்கும்போது, திரையின் மேற்பட்டையில் உள்ள `CloudShell` சின்னத்தை அழுத்தினால் ஒரு கறுப்புத் திரை திறக்கும். அதில் இவ்விரு கட்டளைகளையும் ஒவ்வொன்றாக இடுங்கள்:

```
aws sts get-caller-identity
aws iam get-account-summary --query "SummaryMap.[AccountMFAEnabled,AccountAccessKeysPresent]"
```

முதற்கட்டளைக்கு வரும் விடை `user/kadai-admin` என்று முடிய வேண்டும். `root` என்று முடிந்தால் நீங்கள் இன்னும் ரூட் பயனராகவே இருக்கிறீர்கள். இரண்டாவது இரண்டு எண்களைத் தரும். முதல் எண் 1 ஆனால் ரூட்டுக்கு இரண்டாம் பூட்டு உள்ளது. இரண்டாம் எண் 0 ஆனால் ரூட்டிடம் நிரற்சாவி இல்லை. முதலில் 1, அடுத்து 0 என்று வந்தால் பத்திரம் பெட்டகத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

தளம் அமைக்கும் இளைஞருக்கு `kadai-admin` கடவுச்சொல்லைத் தர வேண்டியதில்லை. அவர் பெயரிலேயே மற்றொரு பயனரை உருவாக்கி, அவருடைய பணிக்குத் தேவையான அனுமதியை மட்டும் கொடுத்து, அவரையும் தம் கைப்பேசியில் இரண்டாம் பூட்டை அமைக்கச் சொல்லலாம். பணி முடிந்த அன்று அந்தப் பயனரை நீக்கிவிட்டால் போதும். யாருடைய கடவுச்சொல்லையும் மாற்ற வேண்டியிராது. யார் எதை மாற்றினார் என்பதும் பதிவேட்டில் தனித்தனிப் பெயரில் இருக்கும். பணியாளர்கள் பலர் சேர்ந்தபின், `IAM Identity Center` என்ற பொது நுழைவு முறைக்கு மாறுவதையே அமேசான் பரிந்துரைக்கிறது.

இந்த முறையின் எல்லை

இவ்வளவும் செய்தபின் என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை என்று தெளிவாக அறிந்திருப்பது நல்லது. `kadai-admin` களவுபோனால் கடையின் தரவுகளை அழிக்கவும் இயந்திரங்களை இயக்கவும் திருடரால் முடியும். ஆகவே ஆர்டர் பதிவேட்டின் நகல் ஒன்றை இக்கணக்குக்கு வெளியே, வாரம் ஒருமுறையேனும் எடுத்துவைக்க வேண்டும். கோட் ஸ்பேசஸ் கதையில் காப்பு நகல்களும் அதே பலகைக்குள் எட்டும்படி இருந்ததை நினைவில் கொள்க.

`Budgets` பகுதியில் மாதச் செலவுக்கு ஓர் அளவு குறித்து, தாண்டினால் மின்னஞ்சல் வரும்படி செய்யுங்கள். அது எச்சரிக்கை மணி மட்டுமே. செலவைத் தானாக நிறுத்தாது. செலவுக் கணக்கு நாளுக்குச் சில முறைதான் புதுப்பிக்கப்படும் என்பதால், மணி அடிக்கப் பல மணி நேரம் ஆகலாம்.

ஆயினும் ஒன்று உறுதி. மணி அடித்த அந்த இரவில், தம்பதி அலமாரி உறையைத் திறந்து, மனைவியின் கைப்பேசி எண்ணோடு ரூட் பயனராக உள்ளே போவார்கள். திருடரால் அந்தப் பூட்டைத் தொட்டிருக்க முடியாது. `IAM` பக்கத்தில் தாம் உருவாக்காத பயனர் எவரேனும் இருந்தால் முதலில் அவரை நீக்குவார்கள். பிறகு `kadai-admin` கடவுச்சொல்லையும் கருவியையும் மாற்றுவார்கள். எல்லாப் பகுதிகளிலும் ஓடும் இயந்திரங்களை நிறுத்துவார்கள். பின் சேவை மையத்துக்கு எழுதுவார்கள். இழப்பு இருக்கலாம். ஆனால் கணக்கு அவர்களுடையதாகவே இருக்கும்.

அதுவரை ரூட் பயனருக்கு வேலை அரிது. கணக்கை மூடவோ, உரிமையாளர் மின்னஞ்சலை மாற்றவோ, தவறுதலாகத் தன் அதிகாரத்தையே நீக்கிக்கொண்ட நிர்வாகப் பயனரை மீட்கவோ மட்டுமே அவர் வர வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை பெட்டகம் திறக்கும்போது அந்தப் பாதுகாப்புச் சாவியையும் எடுத்துவந்து, இன்னும் திறக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிடுங்கள்.